பெட்டிக்குள் நாலு நாள்

ஒரு ரம்புட்டான் ஒட்டுக்கன்று நாகர்கோவில் வடசேரியிலிருந்து சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் மே, கத்திரி வெயில் நேரம். வாங்குபவர் தாம்பரத்தில் இருக்கிறார். போனில் படம் பார்த்துப் பணம் கட்டிவிட்டார். இரண்டடி உயரம், பத்துப் பன்னிரண்டு இலை, கறுப்புப் பாலித்தீன் பையில் மண்ணோடு நிற்கிற கன்று. நாலாம் நாள் பெட்டியைத் திறக்கும்போது அது உயிரோடு இருக்குமா, இருந்தால் பதினைந்தாம் நாளும் இருக்குமா, இல்லையென்றால் காசு யாருடையது? ஆன்லைன் செடி வியாபாரத்தின் வழக்குகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்த வியாபாரம் இயல்பாகவே பொருந்தி வருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மண் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மலையடிவாரத்தில் ரப்பர், கிராம்பு, ஜாதிக்காய், ரம்புட்டான், மங்குஸ்தான் என்று ஈரக்காற்றை நம்பி வாழும் மரங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்கு இவை எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் தேடித் தேடி ஆர்டர் போடுகிறார்கள். ஆனால் கிராக்கிக்குக் காரணமான அதே ஈரக்காற்றுப் பழக்கம்தான் பயணத்தில் இந்தக் கன்றுகளுக்கு எமனாகிறது. வடசேரி பஸ் நிலையத்தில் ஏறிய பெட்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வேறு காற்றுக்குள் போய்விடுகிறது. நாஞ்சில் நாட்டின் பச்சை முடிந்து, காற்றாலைகள் சுழலும் வறண்ட வெளி தொடங்கும் இடம் அது. நமக்கு ஜன்னலோரக் காட்சி மாறுகிறது. கன்றுக்கு மூச்சு விடும் காற்றே மாறுகிறது.

வேரும் இலையும் கணக்குத் தீர்க்கும் இடம்

செடி இலை வழியாக நீரை விட்டுக்கொண்டே இருக்கும், வேர் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். தரையில் நிற்கும்வரை இந்த வரவு செலவு சரியாக ஓடும். பறித்துப் பெட்டியில் வைத்ததும் வரவு அறுந்துபோகிறது. எடுக்கும்போது மெல்லிய வேர்நுனிகள் ஒடிகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த நுனிகள்தான், தடித்த வேர்கள் அல்ல. மண் உருண்டை உடையாமல் வந்தால் பாதிப் பிழைப்பு உறுதி என்று அனுபவப்பட்ட நர்சரிக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

நல்ல பேக்கிங் முதல் நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. கன்றுக்கு வயிறு நிறையத் தண்ணீர் விட்டு, இரவு முழுக்க வடியவிடுவார்கள். காலையில் பையைக் கையில் எடுத்து அழுத்தினால் மண் ஈரமாக ஒட்ட வேண்டும், நீர் சொட்டக் கூடாது. பார்சல் போடும் நேரத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு. சொட்டும் நீர் அட்டையை நனைக்கும், நனைந்த அட்டை மேலே வேறு பெட்டி ஏறியதும் நசுங்கும்.

அடுத்தது இலை. முற்றிய இலைகளைப் பாதி நீளத்துக்குக் கத்தரிப்பார்கள், ரொம்ப இளந்தளிரைக் கிள்ளிவிடுவார்கள். பெட்டியைத் திறந்ததும் பாதி வெட்டிய இலைகளைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கன்றின் செலவைக் குறைத்த கை. முழு இலையோடு, படத்தில் பார்த்த அதே அழகில் அனுப்புகிற கடைதான் ஆபத்தானது. நிறையத் தளிர் விட்டுக்கொண்டிருக்கும் கன்றை அனுப்பவே கூடாது. தளிர் முற்றி இலை கரும்பச்சையாகும்வரை காத்திருந்து அனுப்புவதுதான் முறை.

பிறகு மண் பையைச் சுற்றி இன்னொரு பாலித்தீன், தண்டின் அடியில் இறுக்கிய ஒரு கட்டு. பெட்டி தலைகீழாகப் புரண்டாலும் மண் கொட்டக் கூடாது. பெட்டி நிச்சயம் புரளும். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போட்டாலும் புரளும். தண்டோடு சேர்த்து ஒரு மூங்கில் குச்சி, அதுவும் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழும் மேலும் கட்டியிருக்க வேண்டும். ஒட்டு பிடித்து ஒரு வருடம் ஆகாத கன்று அந்த இடத்தில்தான் ஒடியும். மண் பையைப் பெட்டியின் ஒரு முனையில் அசையாதபடி டேப் போட்டு நிறுத்தி, இலைப் பக்கம் கசக்கிய செய்தித்தாளை நிரப்புவார்கள். இலை இருக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும் நாலைந்து துளைகள். இலையைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவது வேண்டாம். மே மாதத்து வண்டிக்குள் அது ஆவியில் வேகும்.

இவ்வளவு தெரிந்தும் பல கடைகள் ஏன் கன்றை வளைத்துச் சின்னப் பெட்டியில் திணிக்கின்றன? காரணம் கொரியர் கட்டணம். பல கொரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணை ஒரு எடையாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நம் ரம்புட்டானுக்குப் பொருத்தமான பெட்டி 60-க்கு 20-க்கு 20 என்றால் கணக்கு 4.8 கிலோ. கன்றும் மண்ணும் உண்மையில் இரண்டு கிலோதான் இருக்கும். அதையே 45-க்கு 15-க்கு 15 பெட்டியில் அடைத்தால் கணக்கு இரண்டு கிலோவாகச் சுருங்கிவிடும். ஆகவே உயரமான கன்று கேட்டு அடம் பிடிப்பதில் வாங்குபவருக்கு லாபம் இல்லை. ஒன்றரை அடிக்குள், தண்டு பென்சில் தடிமனில், பெட்டியில் நிமிர்ந்து படுக்கிற கன்று கேளுங்கள். மூன்றடிக் கன்று வளைந்து வந்து மீளும் காலத்தில் இது அதை எட்டிப்பிடித்துவிடும்.

எந்த நாளில் ஏறுகிறது?

வடசேரியிலிருந்து மாலையில் கிளம்பும் பஸ் மறுநாள் காலையில் சென்னையில் நிற்கும். அரசு விரைவு பஸ்களிலும் 2022 முதல் பார்சல் ஏற்றுகிறார்கள். பஸ்ஸில் போட்டால் கன்று ஓர் இரவுப் பயணம்தான், அதுவும் வெயில் இல்லாத நேரம். ஆனால் வாங்குபவர் தாமே போய்ப் பெட்டியை எடுக்க வேண்டும். கொரியர் வீட்டு வாசலுக்கே வரும், வழியில் கிடங்கு மாறி மாறி வருவதால் மூன்று நாலு நாள் எடுக்கும். கோடையில் தூரம் குறைவென்றால் பஸ்தான் மேல்.

கொரியர்தான் என்றால் எந்தக் கிழமை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய் ஏறியது வெள்ளிக்குள் இறங்கிவிடும். வியாழன், வெள்ளியில் ஏறியது ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதோ ஒரு தகரக் கூரைக் கிடங்கில் கிடக்கும். நாலு நாளில் முடிய வேண்டியது ஆறு நாளாகும். கன்றின் சாவு அநேகமாக அந்தக் கூடுதல் இரண்டு நாளில்தான் நடக்கிறது. சனிக்கிழமை ஆர்டர் வந்தால் திங்கள்வரை வைத்திருந்து அனுப்புகிற கடையைத் தாமதம் செய்கிறது என்று திட்டாதீர்கள். பண்டிகை வாரத்துக்கும் இதே கணக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் கொரியர் கிடங்குகளில் துணிமணியும் பட்டாசுப் பரபரப்புமாக இருக்கும்போது கன்றுப் பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

மழைக்காலம் வேறு விதமான ஆபத்து. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயிலே நின்றுபோனது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் பெட்டிகள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்பதால், இங்கே மழை இல்லாவிட்டாலும் பார்சல் நிற்கும். வானிலை எச்சரிக்கை வந்த வாரம் அனுப்பாமல் இருப்பது ஒன்றே வழி. டெல்லிப் பக்கம் அனுப்புகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் மங்குஸ்தானை அனுப்பவே கூடாது. ஐந்து டிகிரிக் குளிரில் ஓர் இரவு கிடந்தாலே அந்தக் கன்று கருகிவிடும்.

இறந்த கன்று சொல்லும் சாட்சி

பெட்டி வந்துவிட்டது. திறக்கும்போது ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுக்கச் சொல்லிக் கடைகள் கேட்பது நியாயமே. மேலட்டை ஒட்டியபடி இருப்பதில் தொடங்கி, மண் பையையும் ஒட்டுக்கட்டிய இடத்தையும் காட்டி முடிய வேண்டும். அதற்குமுன் உங்களுக்கே தெரிய வேண்டியது, கன்று எதனால் வாடியது என்பது.

இலை காகிதம்போல் காய்ந்து, பிடித்தால் நொறுங்கினால் அது தாகத்தால். ஒன்று மண் காய்ந்திருக்கும் அல்லது வண்டி வெயிலில் நின்றிருக்கும். இலை கறுத்து, கொழகொழத்து, திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தால் ஈரத்தோடு மூடிக் கட்டிய குற்றம். அது அனுப்பியவர் கணக்கு. இலை மஞ்சளாகி, தொட்டதும் காம்போடு கழன்று விழுந்தால் பயப்பட வேண்டாம். இருட்டில் பல நாள் அடைபட்டதாலும், அடைத்த காற்றில் எத்திலீன் சேர்வதாலும் அப்படி ஆகும். பழுத்த பழங்கள் விடும் அதே வாயுதான். அதனால் கன்றோடு ஒரு வாழைச்சீப்பை அன்பளிப்பாக வைத்து அனுப்புகிற நல்ல மனசும் கன்றைக் கெடுக்கும். இலை முழுக்க உதிர்ந்தாலும் கன்று செத்ததாகிவிடாது. தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

ஆனால் அந்தச் சுரண்டலை ஒட்டுக்கு மேலே செய்ய வேண்டும். ஒட்டுக்கன்றில் கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம். கீழே இருப்பது விதையில் முளைத்த நாட்டு வேர்ச்செடி. மேலே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்த ரகம். பயணத்தில் மேல்பகுதி செத்துப்போய், இரண்டு மாதம் கழித்து ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வெடிக்கும். கடைக்காரரும் ‘உயிரோடுதானே இருக்கு’ என்பார், வாங்கியவரும் மகிழ்ச்சியோடு தண்ணீர் விடுவார். ஆறேழு வருடம் கழித்து அது ஆண் ரம்புட்டானாகிப் பூ மட்டும் பூத்துக் காயில்லாமல் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். உத்தரவாதம் கேட்கும்போது ‘கன்று பிழைக்காவிட்டால்’ என்று எழுதி வாங்காதீர்கள். ‘ஒட்டுக்கு மேல் துளிர்க்காவிட்டால்’ என்று எழுதி வாங்குங்கள்.

வந்த கன்றை அன்றே தொட்டிக்கு மாற்றுகிற ஆசையை அடக்குவது கடினம்தான். ஆனாலும் பத்து நாளுக்கு அடக்கத்தான் வேண்டும். வெளிப்பையை மட்டும் அவிழ்த்து, நிழலில், காற்று அடிக்காத மூலையில் வைத்து, மண் காயாத அளவு தண்ணீர் விட்டால் போதும். ஈரப்பதம் குறைந்த ஊரில் கன்றின்மேல் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கூடாரம்போல் கவிழ்த்து, தினம் கொஞ்ச நேரம் தூக்கிவிடலாம். நிழலில் இருக்கும்வரை அது வேகாது. உரம் வேண்டவே வேண்டாம். ஒடிந்த வேர்நுனிகள் மறுபடி முளைக்கிற நாட்கள் இவை. பெட்டிக்குள் தப்பிய கன்றுகளில் பல இந்தப் பத்து நாளில்தான் போகின்றன.

காய்ந்தால் சாகும் விதை

கன்று வேண்டாம், விதை வாங்கிக்கொள்கிறேன், அது கெடாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரி, மிளகாய், கீரை விதைகளுக்கு அது சரி. உலர்த்தி, குளிர்ச்சியாக வைத்தால் அவை மாதக்கணக்கில் தாங்கும். உறைமேல் முளைப்புத்திறனும் சோதித்த தேதியும் இருக்க வேண்டும். விதைச்சான்று அளவுகோலில் கத்தரிக்குக் குறைந்தது 70 சதவிகிதமும் மிளகாய்க்கு 60-உம் முளைக்க வேண்டும். வந்த விதையில் இருபதை ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மங்குஸ்தான், ரம்புட்டான், ஜாதிக்காய், பலா, ரப்பர் ஆகியவற்றின் விதை அந்தச் சாதியே இல்லை. ஈரக்காட்டில் விழுந்ததும் முளைக்கப் பழகியவை. உலர்த்தினால் உறங்காது, சாகும். குளிர்பெட்டியும் உதவாது. பழத்திலிருந்து எடுத்த மங்குஸ்தான் விதை சாதாரண உறையில் ஒரு வாரம் தாங்குவதே அரிது. பழத்துக்குள்ளேயே இருந்தால் மூன்று வாரத்துக்கு மேலும் உயிர் இருக்கும். ஆகவே மங்குஸ்தான் விதையைக் காய்ந்த பொட்டலமாக விற்கிற எவரிடமும் வாங்காதீர்கள். ஈரத் தென்னைநார்த் தூளில் வைத்து, பழம் உடைத்த தேதியை எழுதி அனுப்புகிறவரிடம் வாங்கலாம்.

இதற்கு வரலாற்றிலேயே பெரிய சாட்சி ரப்பர்தான். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்தைத் தொடவில்லை. நூற்றுக்கு நாலு என்பதுகூடச் சிரமம். அந்த வருடமே கியூ தோட்டத்தார் இலங்கைக்கு விதையை அனுப்பவில்லை, நாற்றுகளை அனுப்பினார்கள். 38 வார்டியன் பெட்டிகளில் 1,919 நாற்றுகள். கண்ணாடிக் கூரை போட்ட, அடியில் மண் நிரப்பி இறுக மூடிய பெட்டி அது. இலை விடும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணிலேயே சொட்டும். வாரக்கணக்கில் கடலில் கிடந்தும் பத்தில் ஒன்பது பிழைத்தன. கம்பஹா பக்கம் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேர் பிடித்தன. ஒரே மரம், ஒரே வருடம். விதையாக வந்தபோது நூற்றுக்கு நாலுகூட இல்லை, ஈரம் காத்த பெட்டியில் நாற்றாகப் போனபோது தொண்ணூறு. இன்றைக்கும் மலையடிவாரக் கன்றை அனுப்புகிறவருக்கு அடிப்படைப் பாடம் அந்தக் கணக்குத்தான்.

விதையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கேட்காமலே வெளிநாட்டிலிருந்து வரும் விதைப் பொட்டலங்களை விதைக்கக் கூடாது. 2020 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகமே இதுபற்றி மாநிலங்களை எச்சரித்தது. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் கட்டாயம். அவை இல்லாமல் தபாலில் வருவது எந்த நோயைக் கொண்டுவருகிறது என்று யாருக்கும் தெரியாது.

உத்தரவாதத்துக்கு ஒரு விலை உண்டு

‘நூறு சதவிகிதப் பிழைப்பு உத்தரவாதம்’ என்று போட்டிருக்கும் பல இடங்களில் கீழே சின்ன எழுத்தில் 24 மணி நேரத்துக்குள் வீடியோ அனுப்ப வேண்டும் என்று இருக்கும். அது உயிரோடு வந்து சேரும் உத்தரவாதம்தான். மேலே சொன்ன பத்து நாட்களுக்கு அதில் இடமே இல்லை. வாங்குமுன் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

விற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கன்று 250 ரூபாய், பேக்கிங் 60, கொரியர் 180, ஆக 490 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று செத்து, அதற்கு முழுச் செலவில் மாற்றுக் கன்று அனுப்பினால் ஒவ்வொரு பார்சலின் தலையிலும் 49 ரூபாய் ஏறும். கோடையில் பத்துக்கு மூன்று என்றால் 147. ஆண்டு முழுக்க ஒரே விலையில் உத்தரவாதம் தருகிறேன் என்பவர் ஒன்று மே மாதத்தில் நஷ்டப்படுவார் அல்லது போனை எடுக்க மாட்டார். ஜூன் தொடங்கி ஜனவரிவரை பதினைந்து நாள் உத்தரவாதம், ஏப்ரல், மே மாதங்களில் பஸ் பார்சல் மட்டும், மாற்றுக் கன்றுக்குக் கொரியர் செலவு பாதிப் பாதி என்று வெளிப்படையாக எழுதிவைக்கும் நர்சரிதான் நிலைக்கும். அந்தக் கூடுதல் ஐம்பது ரூபாயைக் கொடுக்க வாங்குபவர் தயங்கக் கூடாது.

சட்டமும் கைகொடுக்கும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கவோ பணம் தர மறுக்கவோ முடியாது. இயற்கைச் சீற்றம்போல் கைமீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற பெட்டிக்கு விற்பவர் பொறுப்பில்லை என்று வாதிடலாம். வெள்ளிக்கிழமை ஏற்றி ஞாயிறு கிடங்கில் கிடந்த பெட்டிக்கு அப்படி வாதிட முடியாது. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவை எதிலும் அடங்காத ஒன்று ஜாதிக்காய். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். எது எது என்று பூக்கும்வரை, ஆறு முதல் எட்டு வருடம், தெரியாது. பதினைந்து நாள் உத்தரவாதத்தில் நூற்றுக்கு நூறு பிழைத்துவிட்டு, எட்டாம் வருடம் காய்க்காமல் நிற்கும் கன்று இது. பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய கன்று வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. பில்லில் ‘ஜாதிக்காய்க் கன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். ‘பெண் மரத்து ஒட்டு’ என்ற சொல்லும், தாய்மரம் நிற்கும் தோட்டத்தின் ஊரும், ஒட்டுக்கட்டிய மாதமும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பதில் போனோடு போய்விடும், அந்தப் பில்லை எட்டு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.